சுருக்கமும் சொல்லாக்கமும்

ஆங்கிலத்தில் வரும் நீண்ட செய்தியைத் தமிழில் சில வரிகளாகச் சுருக்கித் தருவது பத்திரிகைக்கும் வானொலிக்கும் அன்றாட வேலை. அதன் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். செய்தி மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில், இந்த வேலையின் உள்ளமைப்பையும் சிறிது எடுத்துச் சொல்லலாம் என்று கருதுகிறேன்.

தமிழில் நாளிதழ் தோன்றிய நாள்முதலே இந்த வேலை இருந்து வந்திருக்கிறது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் வார இதழாகத் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-இல் நாளிதழாயிற்று. வெளிநாட்டுச் செய்திகள் ஆங்கிலத் தந்திகளாகவே வந்தன. அவற்றைத் தமிழாக்க ஆட்கள் வேண்டியிருந்தார்கள். 1904-இல் அப்பத்திரிகையின் உதவியாசிரியராகச் சேர்ந்த சுப்பிரமணிய பாரதிக்கு மொழிபெயர்ப்பே பெரும்பாலான அலுவல். மகாகவி என்று நாம் போற்றுபவர், நாள்தோறும் அச்சுக்கோப்பவர் காத்திருக்க, ஆங்கிலத் தந்தியைத் தமிழாக்கிக் கொடுத்தவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்த அலுவலில் நேர்ந்த இடர்ப்பாடு ஒன்றைப் பாரதியாரே பிற்காலத்தில் ஒரு கட்டுரையில் குறித்திருக்கிறார். சபைகளின் 'மெம்பர்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி அவர் அலைந்தார். அவயவி என்று பார்த்தார். அங்கத்தான் என்று பார்த்தார். சபிகன், உறுப்பாளி என்றெல்லாம் எண்ணிப் பார்த்தார். எதுவும் மனத்துக்கு இசையாமையால் 'மெம்பர்' என்றே எழுதி முடித்தார். இன்று நாம் தயக்கமின்றி 'உறுப்பினர்' என்கிறோம். பாரதியார் எண்ணிய உறுப்பாளிக்கும் இதற்கும் வேர் ஒன்றே. ஆனால் விகுதி மாறியிருக்கிறது. 'இனர்' என்னும் ஈறு ஒருவரை மரியாதையாகச் சுட்டவும் உதவுகிறது. பலரைச் சுட்டவும் உதவுகிறது. உறுப்பினரை, உறுப்பினருக்கு, உறுப்பினராக என்று வேற்றுமை உருபுகளையும் இடறாமல் ஏற்கிறது. சொல் நிலைப்பதற்குப் பொருட்பொருத்தம் மட்டும் போதாது. வாக்கியத்துக்குள் நடக்கவும் தெரிய வேண்டும்.

பாரதியாரின் காலத்திலேயே, 1916-இல், ராஜாஜி முதலியோர் சேலத்தில் 'தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்' என்ற ஒன்றை அமைத்து, அறிவியல் சொற்களுக்கென்றே ஓர் இதழும் நடத்தினர். 1938-இல் சென்னை மாகாணத் தமிழர் சங்கம் சொற்றொகுதி ஒன்றை வெளியிட்டது. அதன் பெயர் 'கலைச்சொற்கள்'. 'சாஸ்திர பரிபாஷை' என்ற நீண்ட தொடர் இருபது ஆண்டுகளில் 'கலைச்சொல்' என்று சுருங்கியதைப் பாருங்கள். தொழிலின் பெயரே தொழிலுக்கு எடுத்துக்காட்டாகிவிட்டது!

ஆயினும் அகராதிக்குச் சொல் ஆக்குவது வேறு. செய்திக்குச் சொல் தேர்வது வேறு. அகராதி ஆசிரியருக்குக் காலம் உண்டு. ஒரு சொல்லுக்கு எதிரே மூன்று சொற்களை அவர் எழுதி வைக்கலாம். செய்தி எழுதுபவருக்கு ஒரு சொல்தான் இடம். கேட்பவருக்கு அது முதல் முறையிலேயே விளங்க வேண்டும். இந்த வேறுபாட்டை விளக்க, 1957 அக்டோபரில் வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். ரஷ்யர்கள் முதல் ஸ்புட்னிக்கை ஏவிய செய்திதான் அது.

சோவியத் செய்தி நிறுவனமாகிய டாஸ் வெளியிட்ட அறிக்கையில் இருந்த செய்திகள் இவை: பூமியைச் சுற்றிவரும் முதல் செயற்கைத் துணைக்கோள் அக்டோபர் 4 அன்று ஏவப்பட்டது. ஏற்றிச் சென்ற ராக்கெட், முதற்கணக்கின்படி, நொடிக்கு ஏறக்குறைய 8,000 மீட்டர் வேகத்தை அதற்கு அளித்தது. அது நீள்வட்டமாகச் சுற்றுகிறது. உயரம் 900 கிலோமீட்டர் வரை இருக்கும். ஒரு சுற்றுக்கு 1 மணி 35 நிமிடம் ஆகும். பூமத்தியரேகைத் தளத்துக்கு அதன் பாதை 65 பாகை சாய்ந்திருக்கிறது. வடிவம் உருண்டை, குறுக்களவு 58 சென்டிமீட்டர், எடை 83.6 கிலோ. இரண்டு கருவிகள் 15 மீட்டர், 7.5 மீட்டர் அலைநீளங்களில் இடைவிடாமல் குறிகள் அனுப்புகின்றன. விடியலிலும் அந்தியிலும் எளிய தொலைநோக்கிகளால் அதைக் காணலாம். இவற்றோடு ரஷ்ய விஞ்ஞானத்தின் பழைய வரலாறும், எதிர்காலத் திட்டங்களும் அறிக்கையில் இருந்தன.

இதனைத் தமிழில் ஐந்து வாக்கியங்களில் தரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அனுபவமில்லாதவர் முதல் வரியிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுவார். பாதி வழியில் இடம் தீர்ந்துவிடும். பழகியவர் கடைசி வரிவரை படிப்பார். பிறகு ஆங்கிலத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'யார், என்ன செய்தார்கள், எப்போது, யார் சொல்லி நமக்குத் தெரியும்?' என்ற கேள்விகளுக்குத் துண்டுத் தாளில் விடை எழுதுவார். அந்த விடைகளே செய்தியின் முதல் வாக்கியம். அதன் பிறகுதான் அளவுகள் வரும். பழைய வரலாறும் திட்டமும் இடம் இருந்தால் வரலாம், இல்லையேல் விடுபடலாம்.

இனிச் சொற்களுக்கு வருவோம். முதலில் நின்று தடுக்கும் சொல் 'சாட்டிலைட்'. அன்றைய பத்திரிகைகளில் இதே ஆங்கிலச் சொல் வேறொரு பொருளிலும் வந்துகொண்டிருந்தது. ரஷ்யாவைச் சார்ந்து நின்ற கிழக்கு ஐரோப்பிய நாடுகளையும் அவ்வாறே அழைத்தார்கள். பெருநகரத்தை அடுத்து அமையும் துணைநகரத்துக்கும் அதுவே பெயர். ஆகவே 'இந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன?' என்று கேட்பது தவறான கேள்வி. 'இந்த வாக்கியத்தில் இது எதைச் சுட்டுகிறது?' என்றே கேட்க வேண்டும்.

பொருள் தெளிந்த பின்னும் சொற்கள் பல போட்டியிட்டன. 'பூமியைச் சுற்றும் செயற்கைத் துணைக்கிரகம்' என்பது முழு விளக்கம். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைச் சுமக்க இயலாது. 'செயற்கைச் சந்திரன்' என்று அந்நாளில் வழங்கினார்கள். கேட்டவுடன் விளங்கும் அழகான பெயர்தான். பூமியை எது சுற்றுகிறது என்று சிறுவர்க்கும் தெரியும் அல்லவா? ஆனால் அதில் ஒரு குறை மறைந்திருந்தது. 1959 செப்டம்பரில் ரஷ்யர்களின் ராக்கெட் ஒன்று உண்மைச் சந்திரனையே சென்று தாக்கியது. ஒரே பக்கத்தில் இரண்டு சந்திரன்கள் வரும்போது படிப்பவர் எதை எதென்று கொள்வது?

தமிழகத்தில் இறுதியில் நிலைத்தது 'செயற்கைக்கோள்'. இதிலும் ஒரு நுட்பமான குறை உண்டு. கோள் என்பது சூரியனைச் சுற்றுவது. அதைச் சுற்றுவதே துணைக்கோள். 'துணை' என்ற பகுதியை விட்டுத்தான் நாம் இந்தச் சுருக்கத்தை வாங்கியிருக்கிறோம். பெரும்பாலான நாள்களில் இதனால் தீங்கில்லை. ஆனால் 1959 ஜனவரியில் லூனா என்ற ரஷ்யக் கலம் சந்திரனைக் கடந்து சென்று சூரியனைச் சுற்றத் தொடங்கியது. மனிதன் செய்த முதற்கோள் என்று ரஷ்யர்கள் அதைக் கொண்டாடினார்கள். அன்றுதான் 'செயற்கைக்கோள்' என்ற பெயர் சொல்லுக்குச் சொல் பொருந்துகிற பொருள் ஒன்று விண்ணில் தோன்றிற்று. ஆனால் பெயரோ வேறொன்றுக்கு முன்பே போய்விட்டது! அத்தகைய நாளில் மொழிபெயர்ப்பாளர் சுருக்கத்தைச் சற்றே தளர்த்தி, 'சூரியனைச் சுற்றும் கோளாகிவிட்டது' என்று விரித்தே எழுத வேண்டும்.

இலங்கைத் தமிழர் இதே பொருளுக்கு 'செய்மதி' என்ற சொல்லை வழங்குகிறார்கள். செய்யப்பட்ட மதி, செய்மதி. நான்கே எழுத்து. மதி என்பதால் துணைக்கோள் என்ற கருத்தும் கெடவில்லை. சந்திரன் என்ற வழக்குச் சொல் வாராமையால் குழப்பமும் இல்லை. இந்தச் சொல் எவ்வாறு இவ்வளவு சுருங்கியது என்று ஆராய்ந்தால், தமிழின் ஒரு தனி வசதி நமக்குப் புலப்படும். அதற்கு இலக்கண நூலார் இட்ட பெயர் வினைத்தொகை.

ஊறுகாய் என்கிறோம். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்ற மூன்று காலமும் அதில் அடங்கும். ஆனால் எந்தக் காலமும் வெளிப்படையாக இல்லை. எரிமலை, சுடுநீர், வளர்பிறை எல்லாம் இந்த வகையே. வினையின் அடியும் ஒரு பெயரும் ஒட்டி நிற்கின்றன. நடுவில் காலம் காட்டும் இடைநிலையும் வேண்டியதில்லை, 'ஆன', 'உள்ள' என்ற ஒட்டுகளும் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களை அடுக்கிக் கலைச்சொல் ஆக்குகிறார்கள். அதே சிக்கனத்தைத் தமிழில் வினைத்தொகை தருகிறது. எரிபொருள், ஏவுகணை, ஏவுதளம், உந்துவிசை, நீள்வட்டம், மிதிவண்டி என்று நிலைத்த சொற்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 'எரிக்கப்படுவதற்கு உரிய பொருள்' என்று யாரேனும் எழுதியிருந்தால் அது அகராதியோடு நின்றிருக்கும்.

வினைத்தொகைக்கும் எல்லை உண்டு. ஏவுகணையில் கணை ஏவப்படுகிறது. ஏவுதளத்தில் தளத்திலிருந்து வேறொன்று ஏவப்படுகிறது. இரண்டுக்கும் உருவம் ஒன்றே. உறவை ஊகிக்கும் பொறுப்பைச் சொல் கேட்பவரிடம் விட்டுவிடுகிறது. பொருள் முன்பே ஓரளவு தெரிந்ததாக இருந்தால் ஊகம் தவறாது; முற்றும் புதியதாக இருந்தால் தவறும். மேலும் ஊறு, எரி, ஏவு, நீள் போன்ற குறுகிய வினையடிகளே இதற்கு இசைந்தவை. 'கட்டுப்படுத்து' என்பது போன்ற நீண்ட அடிகளைக் கொண்டு இவ்வகையில் செவிக்கினிய சொல் ஆக்குவது அரிது.

அடுத்த சொல் 'ராக்கெட்'. இதற்கு ஏவுகணை என்று எழுதிவிடக் கை துடிக்கும்; தூய தமிழாகவும் இருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் கணை என்றால் அம்பு. அம்பு ஒருவரைக் கொல்ல எய்யப்படுவது. ஸ்புட்னிக் செய்திக்குச் சில வாரங்கள் முன்னர், 1957 ஆகஸ்டில், கண்டத்திலிருந்து கண்டத்துக்குப் பாயும் ஆயுதத்தைச் சோதித்துவிட்டதாக ரஷ்யர்கள் அறிவித்திருந்தார்கள். உலகமே அச்சத்தில் இருந்தது. அந்த வேளையில், ஆராய்ச்சிக் கருவியைச் சுமந்து சென்ற ராக்கெட்டை 'ஏவுகணை' என்று எழுதினால், மூலத்தில் இல்லாத ஓர் அச்சம் தமிழ்ச் செய்தியில் புகுந்துவிடும். இரண்டுக்கும் அடிப்படையான இயந்திரம் ஒன்றே என்பது உண்மை. ஆயினும் அன்றைய அறிக்கை அதைச் சொல்லவில்லை. அறிக்கை சொல்லாததைக் கலைச்சொல் சொல்லிவிடக் கூடாது. ஆகவே 'ராக்கெட்' அப்படியே நிற்பதே நேர்மை. ஆயுதமாகிய வழிதான் அது 'ஏவுகணை'.

ஆயுதத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 'கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை' என்று நம் பத்திரிகைகள் எழுதின, இன்றும் எழுதுகின்றன. ஐந்து சொற்கள் கொண்ட தொடர் அது. 'கண்டமிடைக் கணை' என்று சுருக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். சுருக்கியிருந்தால் எழுத்து மிஞ்சும். பொருள் விளங்க ஒரு நிமிடம் கூடுதலாகும். நீண்ட தொடரோ கேட்ட கணத்திலேயே படம் போல் கண்முன் நிற்கிறது. சொல்லின் சுருக்கத்தை எழுத்தெண்ணி அளப்பதைவிட, கேட்பவர் பொருள் கொள்ள எடுக்கும் நேரத்தால் அளப்பதே தகும்.

மற்றொரு வகைச் சிக்கனம் பெயர்ச்சொல்லையே விட்டுவிடுவது. அறிக்கையில் 'ஆர்பிட்' என்ற சொல் வருகிறது. தமிழகத்தில் அதைச் சுற்றுப்பாதை என்றும், இலங்கையில் ஒழுக்கு என்றும் வழங்குவர். பள்ளிப் பாடத்துக்கு இரண்டும் வேண்டும். ஆனால் வானொலியில் 'ஒழுக்கு' என்றதும் தமிழகத்து நேயருக்கு ஒழுக்கமோ கூரை ஒழுகுவதோதான் நினைவுக்கு வரும். சிறு செய்திக்கு இரண்டு சொல்லுமே தேவையில்லை. 'பூமியைச் சுற்றுகிறது' என்ற வினையே அந்தக் கருத்தை முழுவதும் தாங்கிவிடுகிறது. ஆங்கிலம் பெயர்ச்சொல்லால் சொல்வதைத் தமிழ் வினையால் சொல்வது இயல்பு.

65 பாகைச் சாய்வையும் இவ்வாறே கொள்ளலாம். அந்த எண்ணைச் சொன்னால் கணிதம் பயின்றவருக்கு மட்டுமே பயன். அதன் விளைவு என்னவென்றால், துருவங்களை ஒட்டிய பகுதிகள் நீங்கலாக உலகின் எல்லா நாடுகளுக்கும் மேலாக அது பறந்து செல்லும். நம் தலைக்கு மேலும் செல்லும்! இடம் இருந்தால் விளைவைச் சொல்லலாம். இல்லையென்றால் இரண்டையும் விடலாம். எண்ணை மட்டும் சொல்வது பயனில்லை.

அளவுகளில் வேறு கவனமும் வேண்டும். 1957-இல் நம் மக்கள் அறிந்தவை மைல், அங்குலம், ராத்தல். மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்திருந்தும் வழக்கில் இன்னும் பரவவில்லை. எனவே 900 கிலோமீட்டர் 560 மைலாயிற்று, 83.6 கிலோ 184 ராத்தலாயிற்று. இன்று எழுதுபவர் மாற்ற வேண்டியதில்லை. 'நேற்று' என்ற சொல்லும் அளவைப் போன்றதே. மாஸ்கோவில் 4-ஆம் தேதி இரவு 10 மணி 28 நிமிடத்துக்கு ஏவியபோது இந்தியாவில் நள்ளிரவு கடந்து 5-ஆம் தேதி பிறந்துவிட்டது. ஆகவே 'நேற்று' என்பதை மொழிபெயர்க்காமல் தேதியைச் சொல்வதே பிழைக்கு இடமின்றி அமையும்.

இவ்வளவும் தேர்ந்தபின் செய்தியை எழுதிப் பார்ப்போம்:

"பூமியைச் சுற்றிவரும் முதல் செயற்கைக்கோளை அக்டோபர் 4-ஆம் தேதி ஏவியதாகச் சோவியத் நாடு அறிவித்துள்ளது. 184 ராத்தல் எடையும் 23 அங்குலக் குறுக்களவும் உள்ள அந்த உருண்டை 95 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. அது பறக்கும் உயரம் 560 மைல் வரை இருக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். அதிலிருந்து வானொலிக் குறிகள் இடைவிடாமல் வருகின்றன. விடியலிலும் அந்தியிலும் எளிய தொலைநோக்கியால் அதைக் காணலாம்."

இதில் 'வரை' என்ற சிறுசொல்லைக் கவனியுங்கள். சுருக்கும் கத்தரிக்கு முதலில் இரையாவது இத்தகைய சொல்தான். அதை வெட்டி 'உயரம் 560 மைல்' என்று எழுதினால், எப்போதும் அதே உயரத்தில் பறப்பதாகப் பொருள்படும்; நீள்வட்டம் வட்டமாகிவிடும். 'அறிவித்துள்ளது', 'கணக்கிட்டுள்ளனர்' என்பனவும் அப்படியே. யார் சொன்னார்கள் என்பதை நீக்கினால், ஒருவர் கூற்று நம் கூற்றாகிவிடும். கலைச்சொல் சிறிது பிசகினாலும் மறுநாள் திருந்தும். இந்தச் சிறுசொற்கள் விழுந்தால் செய்தியே பொய்யாகும்.

எண்களிலும் இப்படி ஒரு கண்ணி இருந்தது. 'பில்லியன்' என்று அமெரிக்கர் சொன்னால் நூறு கோடி. ஆங்கிலேயரின் பழைய வழக்கிலோ அது லட்சம் கோடி. பிரிட்டிஷ் அரசு அமெரிக்க முறையை ஏற்றது 1974-இல்தான். அதுவரை, செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாராமல் கோடியாக மாற்றியவர் ஆயிரம் மடங்கு தவறினார். பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் எடுத்தாள்வோருக்கு இந்த எச்சரிக்கை இன்றும் உரியது.

எழுதியது சரியா என்று அறிய நான் கைக்கொள்ளும் சோதனைகள் இரண்டே. முதலாவது, ஆங்கிலத்தை மறைத்துவிட்டுத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது: யார் சொன்னது? என்று நடந்தது? எவ்வளவு? உறுதியா, மதிப்பீடா? கிடைக்கும் விடைகளை மூலத்தோடு ஒப்பிட்டால், விடுபட்டதும் புகுந்ததும் தாமே வெளிப்படும். இரண்டாவது, செய்தியை அறியாத ஒருவருக்கு ஒரே முறை உரக்கப் படித்துக் காட்டி, அவர் வாயால் திரும்பச் சொல்லக் கேட்பது. காகிதத்தில் 'கோள்' என்பதும் 'கோல்' என்பதும் வேறு வேறு. பலர் நாவில் அவை ஒன்றே. செயற்கைக்கோளைச் செய்தியில் முதன்முறை சொல்லும்போது 'பூமியைச் சுற்றிவரும்' என்ற அடைமொழியை முன்னே வைப்பதன் காரணம் இதுதான். அடுத்த வாக்கியத்தில் 'உருண்டை' என்றே சொல்லிவிடலாம். அங்கே கலைச்சொல்லே வேண்டுவதில்லை.

1975 ஏப்ரலில் இந்தியாவின் ஆரியபட்டா விண்ணேறியபோது அந்த அடைமொழிக்கும் தேவை குறைந்திருந்தது. இடையே கடந்த ஆண்டுகளில், நாள்தோறும் ஐந்து வரி எழுதிய பெயர் தெரியாத பலர் அந்தச் சொல்லை மக்கள் செவிக்குப் பழக்கிவிட்டிருந்தார்கள்.